ஐம்பது வயது வாப்பாவும் ஒன்றரை ஆண்டுப் பாக்கியும்

உங்கள் வீட்டில் வாப்பாவுக்கு ஐம்பது வயது நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தா என்று அழைக்கும் வீடாயினும் சரியே. இஷாத் தொழுகை முடிந்து, உறவினர் நாற்பது பேர் கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சாச்சா உங்களைப் பார்த்து, "நாலு வார்த்தை நீ பேசு" என்கிறார். நன்றி சொல்ல வேண்டும், துஆச் செய்யக் கேட்க வேண்டும். இவற்றுக்கு நடுவே வயதைப் பற்றி இலேசாக ஒரு வேடிக்கையும் சொன்னால் நன்றாயிருக்கும் என்று உங்கள் உள்ளம் ஆசைப்படுகிறது.

நன்றியிலும் துஆவிலும் எவரும் தவறிவிடுவதில்லை. அந்த ஒரு வேடிக்கையில்தான் கால் இடறுகிறது. சென்ற 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கே இடறும், எப்படித் தப்பலாம் என்பது அதிலிருந்தே உங்களுக்கு விளங்கும்.

பிறந்தநாளைக் கொண்டாடுவது குறித்து நம் வீடுகளில் வெவ்வேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் புகவில்லை. நான் சொல்லும் வீட்டில் கேக்கும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. ஐம்பது வயதை அல்லாஹ் காட்டினானே என்று உறவுகளை அழைத்து விருந்தளித்து, துஆச் செய்ய எண்ணினார்கள். அவ்வளவுதான்.

முதலில் எழுதிய மூன்று

அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், ஒரு தாளோடு என்னிடம் வந்தாள். "மாமி, மூணு ஜோக் எழுதியிருக்கேன். எது நல்லாயிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

முதலாவது, வாப்பாவின் தாடியைப் பற்றியது. நரை கூடியதால் மருதாணிச் செலவும் கூடிவிட்டதாம். இரண்டாவது, கிரிக்கெட்டில் ஐம்பது ஓட்டம் எடுத்தவரைப் போல வாப்பா அரைசதம் அடித்துவிட்டார் என்பது. மூன்றாவது, ஏதோ ஒரு வாழ்த்து அட்டையில் படித்ததாம். ஐம்பது என்பது மலையுச்சி, இனிமேல் இறக்கம்தான் என்பது அதன் கருத்து.

மூன்றையும் படித்துவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "அன்றைக்குக் கூடத்தில் யார் யார் இருப்பார்கள்?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். வாப்பாவைப் பெற்ற பாட்டியார் இருப்பார்கள், அவர்களுக்கு வயது எழுபத்தெட்டு. பெரியம்மா இருப்பார்கள். அதைச் சொன்னதும் அவள் விரல் நின்றுவிட்டது. பெரியம்மாவின் கணவர், அதாவது வாப்பாவின் காக்கா, நாற்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பில் மௌத்தானவர். அந்த வீட்டின் ஆண்மக்களில் ஐம்பதைக் காணும் முதல் ஆள் வாப்பாதான். அதுமட்டுமன்று, அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து, மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

"இனிமேல் இறக்கம்தான்" என்னும் சொல்லை இப்போது அந்தக் கூடத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். சொல்லும் பிள்ளைக்கு அது விளையாட்டு. ஒரு மகனை இழந்து, மற்றொரு மகனைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் தாய்க்கு அது என்ன? கணவனை இழந்த பெரியம்மாவுக்கு என்ன? இரவில் விழித்துக்கொண்டு தம் காக்காவை நினைத்துக்கொள்ளும் வாப்பாவுக்குத்தான் என்ன? அவரும் சிரிப்பார், ஐயமில்லை. பெற்ற பிள்ளை பேசும்போது எந்தத் தகப்பன் சிரிக்காமல் இருப்பார்? அந்தச் சிரிப்பை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வயதைப் பற்றிய வேடிக்கையில் முதல் விதி இதுவே. வயது எதை எடுத்துக்கொண்டு போகிறதோ, அதை வைத்து வேடிக்கை செய்யாதீர்கள். முடி, பல், பார்வை, நினைவாற்றல், உடல்நலம், எஞ்சிய நாள்கள் ஆகியவை எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். தாடியைப் பற்றிய முதல் வேடிக்கை இதனால்தான் நின்றுபோயிற்று. அரைசதம் என்பதில் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது வயதான எவருக்கும் அது பொருந்தும். வாப்பாவுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் முன்பே ஒரு மாமா அதைச் சொல்லிவிட்டிருக்கவும் கூடும்.

ஒரு மூதாட்டியின் கண்ணீர்

வயதை வைத்து விளையாட்டாகப் பேசுவதே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நாம் எல்லோரும் கேட்டறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தொகுத்த 'ஷமாயில்' நூலில் அது இடம்பெற்றுள்ளது. வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர், தாம் சுவனம் புக துஆச் செய்யுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். மூதாட்டி எவரும் சுவனம் புகமாட்டார் என்று அண்ணலார் கூறவே, அவர் அழுதவாறு திரும்பினார். உடனே அண்ணலார், மூதாட்டியாக இருக்கும் நிலையில் அவர் அங்கே புகமாட்டார், இளமையோடுதான் புகுவார் என்று தெரிவிக்கச் செய்தார்கள்.

இதுவும் முதுமையைப் பற்றிய வேடிக்கைதான். ஆனால் இதன் அமைப்பைக் கவனியுங்கள். இதில் பொய் இல்லை. முதுமையைச் சுட்டிக்காட்டித் தொடங்கிய பேச்சு, முதுமையே இல்லாமற்போகும் நற்செய்தியில் முடிகிறது. இடையில் கண்ணீர் வந்ததைக் கண்டதும் விளக்கம் உடனே பின்தொடர்கிறது. நாமோ சாதாரண மனிதர்கள். நம் வேடிக்கையில் அந்த இடைவெளிகூட வேண்டாம். குத்துவது போன்ற சொல்லும் அதைத் துடைக்கும் சொல்லும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும்.

பாட்டியார் தந்த கணக்கு

அப்படியானால் எங்கே தேடுவது? வாப்பாவின் உடம்பில் தேடாமல் அவருடைய வழக்கத்தில் தேடச் சொன்னேன். வீட்டிலுள்ள அனைவரும் அறிந்த வழக்கமாக அது இருக்க வேண்டும். அதைப் பற்றி வாப்பாவே சிரித்துப் பேசுபவராகவும் இருக்க வேண்டும். அதற்குள் வயதைக் கொண்டு வந்து வைக்க வழியிருந்தால் போதும்.

வாப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கணக்கில் மிகவும் கறாரானவர். குறிப்பாக ஜகாத் கணக்கைப் பிறை ஆண்டின்படியே பார்ப்பார். ஆங்கில ஆண்டுக்கு 365 நாள், பிறை ஆண்டுக்கு 354 நாள். ஆங்கில ஆண்டை வைத்து ஜகாத் கொடுத்தால் ஆண்டுதோறும் பதினொரு நாள் பின்தங்கி, 32 ஆண்டுகளில் ஒரு முழு ஆண்டின் ஜகாத்தே விடுபட்டுப்போகும். "அந்தப் பதினொரு நாளும் ஏழையோட சொத்து" என்பது வாப்பா கடையில் அடிக்கடி சொல்லும் வாசகம். பிள்ளைகள் அவரைப் போலவே குரலை மாற்றி அதைச் சொல்லிக் காட்டுவதும், அவர் அதற்குச் சிரிப்பதும் அந்த வீட்டில் வாடிக்கை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. "மாமி! அப்படின்னா வாப்பா வயசையும் பிறைக் கணக்குல பார்த்தா?"

பார்த்தோம். வாப்பா பிறந்தது 1975 நவம்பர் நடுவில். ஆனால் அது எந்தப் பிறை மாதம்? அவள் ஓடிப்போய்ப் பாட்டியாரைக் கேட்டு வந்தாள். "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாசம் இருந்திச்சு மகளே. அடைமழை. மருத்துவச்சியைக் குடை புடிச்சுக் கூட்டியாந்தாங்க" என்றார்களாம். நாட்காட்டியும் அதையே சொல்லிற்று. ஹிஜ்ரீ 1395, துல்கஅதா மாதம். விருந்து நடக்கவிருந்த 2025 நவம்பரோ, ஹிஜ்ரீ 1447, ஜமாதுல் அவ்வல் மாதம். ஆக ஆங்கிலக் கணக்கில் ஐம்பது, பிறைக் கணக்கில் ஐம்பத்தொன்றரை. 2024 மே மாதத்திலேயே அவருக்குப் பிறைக் கணக்கில் ஐம்பது நிறைந்துவிட்டது!

இதில் இட்டுக்கட்டியது ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்வதை நம் மார்க்கம் கடுமையாக எச்சரித்துள்ளது. அது ஒருபுறமிருக்க, பேச்சாளருக்கும் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. நடந்திராத ஒன்றை வாப்பா செய்ததாகச் சொன்னால், கூட்டத்தில் ஒருவர் "எப்போ?" என்று கேட்ட நொடியே வேடிக்கை செத்துவிடும். உண்மைக்கு அந்தப் பயமில்லை.

சொல் எங்கே முடிய வேண்டும்?

கருத்துக் கிடைத்துவிட்டது. இனி அதைச் சொல்லும் முறை. அவள் முதலில் எழுதி வந்தது இப்படி இருந்தது: "வாப்பா ஒன்றரை வருடம் பாக்கி வைத்திருக்கிறார். ஏனென்றால் பிறைக் கணக்குப்படி அவருக்கு ஐம்பத்தொன்றரை வயது. ஏனென்றால் பிறை ஆண்டில் 354 நாள்தான்."

இதைப் படித்துக் காட்டினால் எவரும் சிரிக்கமாட்டார்கள். சிரிக்க வேண்டிய செய்தி முதலிலேயே வெளிவந்துவிட்டது. அப்போது அதன் பொருள் எவருக்கும் விளங்கியிருக்காது. பொருள் விளங்கும்போது பேச்சு பாடம் நடத்துவதாக மாறியிருக்கும். கேட்பவர் அறிந்திருக்க வேண்டியதையெல்லாம் முன்னால் சொல்லிவிட வேண்டும். திருப்பம் தரும் சொல்லைக் கடைசிச் சொல்லாக வைக்க வேண்டும். அதற்குப் பின் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு குறையும் அதில் இருந்தது. நம் வீடுகளில் வாப்பாவைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது "சொன்னார்கள், செய்தார்கள்" என்றே பேசுவோம். வேடிக்கை வந்தவுடன் பிள்ளைகள் தம்மை அறியாமல் அந்த மரியாதையைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்த்தினால் அது கேலியாகிவிடும். மரியாதைச் சொல் மாறாமல் இருந்து, செய்தி மட்டும் குறும்பாக இருக்கும்போதுதான் சிரிப்பு கூடும்.

நான்கு முறை மாற்றி எழுதிய பின் அமைந்தது இது:

"எங்கள் வாப்பா யாருக்கும் பாக்கி வைத்ததில்லை. நோன்பு ஆண்டுதோறும் பதினொரு நாள் முன்னே வருகிறதல்லவா, ஜகாத்தும் அப்படித்தான் வர வேண்டும் என்று பிறைக் கணக்குப் பார்த்து, ஒரு நாள் தவறாமல் கொடுத்துவிடுவார்கள். அதே பிறைக் கணக்கில் நேற்று வாப்பாவின் வயதைப் பார்த்தேன். ஐம்பது அல்ல, ஐம்பத்தொன்றரை! எதிலும் பாக்கி வைக்காத வாப்பா, வயதில் மட்டும் ஒன்றரை வருடம் பாக்கி!"

நோன்பு முன்னே வருவதைச் சொன்னதால் நாள் கணக்குத் தேவையற்றுப் போயிற்று. அது எல்லோரும் ஆண்டுதோறும் அனுபவிப்பது. "பாக்கி" என்னும் சொல் முதல் வாக்கியத்தில் சாதாரணமாக வந்து, கடைசியில் வேறொரு பொருளோடு திரும்புகிறது. வயதைச் சொல்வதுபோல் தொடங்கி, வாப்பாவின் நேர்மையைத்தான் சொல்லி முடிக்கிறது. சொல்லி முடிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேலாயிற்று. முழுப் பேச்சும் மூன்று நிமிடம்தான். அதில் வேடிக்கை ஒன்றே போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால், கூட்டம் மூன்றாவதை எதிர்பார்க்கும். நன்றி சொல்லும்போதும் சிரிக்கக் காத்திருக்கும்.

எழுதியதை முதலில் உம்மாவிடம் தனியே படித்துக் காட்டச் சொன்னேன். இதைவிட நல்ல சோதனை வேறில்லை. உம்மா சிரித்துவிட்டு, "இதை அவங்ககிட்ட இப்பவே சொல்லணும்போல இருக்கே" என்றால் வைத்துக்கொள்ளலாம். சிரித்துவிட்டு, "பாவம்" என்று ஒரு சொல் சொன்னால், மறுபேச்சின்றி எடுத்துவிட வேண்டும். உம்மாவுக்குத் தெரிந்த வலி பிள்ளைக்குத் தெரிந்திராது. இந்த உம்மா முதல் வகையில்தான் சிரித்தார்கள்.

மற்றொன்றையும் மறந்துவிடக் கூடாது. இக்காலத்தில் கூடத்தில் பேசுவது கூடத்தோடு நிற்பதில்லை. யாரேனும் கைபேசியில் பதிந்து குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். துபாயிலிருக்கும் மச்சான் அதை நாளை கேட்பார், கடை வாடிக்கையாளரும் கேட்கக்கூடும். வாப்பாவின் கடையில் வேலை செய்யும் பையன் கேட்டால் அவருக்குக் கூச்சமாயிருக்குமோ என்று தோன்றும் எதையும் பேச்சில் வைக்காதீர்கள்.

சிரிப்பு அடங்கிய பின்

வேடிக்கையை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. ஸலாமும் வரவேற்பும் சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் வேடிக்கை வந்துவிட வேண்டும். உருக்கமாகப் பேசி எல்லோர் கண்ணும் கலங்கிய பிறகு வேடிக்கையை எடுத்தால், அது அந்த உருக்கத்தையே பொய்யாக்கிவிடும். சிரிப்பிலிருந்து நன்றிக்குப் போவது எளிது, நன்றியிலிருந்து சிரிப்புக்கு வருவது கடினம்.

ஆனால் சிரிப்பிலிருந்து நன்றிக்குப் பாலம் வேண்டும். "சரி, வேடிக்கை போதும், இனி விஷயத்துக்கு வருகிறேன்" என்று சொன்னால் பாலம் அறுந்துபோகும். எங்கள் பேச்சில் பாலம் ஏற்கனவே கையிலிருந்தது. அதே சொல்தான். அவள் அடுத்து எழுதிய வாக்கியம் இது: "உண்மையில் பாக்கி வைத்திருப்பவர்கள் நாங்கள்."

அதன்பின் என்ன பாக்கி என்று ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, வாப்பா தம் ஸ்கூட்டரை விற்றுக் கடைப் பையன்கள் இருவருக்கும் சம்பளம் கொடுத்தார். வீட்டில் கேட்டபோது வண்டி பழுது என்று சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் கடைக்கு நடந்தே போய்வந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்பே, அந்தப் பையன்களில் ஒருவர் சொல்லி, பிள்ளைகளுக்கு அது தெரிந்தது. இந்த நிகழ்ச்சியில் அவள் ஒரு வேடிக்கையும் கலக்கவில்லை. பிறகு துஆச் செய்யக் கேட்டு முடித்தாள்.

அன்றிரவு

விருந்தன்று நானும் பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். நினைத்தபடியே எல்லாம் நடக்கவில்லை. படபடப்பில் அவள் "ஐம்பத்தொன்றரை" என்பதற்குப் பின் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடிவிட்டாள். கடைசிச் சொல் வந்தபோது கூட்டம் ஒரு நொடி பேசாமலிருந்தது. அந்த ஒரு நொடியில், புரியவில்லையோ என்று விளக்கம் சொல்லப்போகும் ஆசை எழும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முதலில் பாட்டியார்தான் சிரித்தார்கள். "நான் சொன்ன கணக்குதான்!" என்று பெருமையாகக் கூறினார்கள். பின்னர் கூடமே சிரித்தது. பெரியம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

அப்போது வாப்பா கையை உயர்த்தினார். "பாக்கியை ஒத்துக்கறேன். ஆனா ஒன்றரை வருஷத்துக்கு வட்டி மட்டும் யாரும் கேட்கக்கூடாது!" என்றார்.

பிள்ளையின் பேச்சுக்குக் கிடைத்ததைவிட இரு மடங்கு சிரிப்பு அதற்குக் கிடைத்தது. வயதைப் பற்றிய வேடிக்கை சரியானதா, இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளத்தை நான் கண்டதில்லை. நரையைச் சொல்லியிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? சிரித்துத் தலைகுனிந்திருப்பார். இறக்கம்தான் என்று சொல்லியிருந்தால்? காக்காவை நினைத்திருப்பார். பாக்கியைச் சொன்னதால் அவருக்குத் திருப்பிச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. தம் வயதைத் தாமே கையிலெடுத்து விளையாடும் உரிமையும் கிடைத்தது.

உங்கள் வாப்பா ஜகாத் கணக்குப் பார்ப்பவராக இல்லாமல், மீன் வாங்கும்போது பேரம் பேசுபவராகவோ, இரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் புறப்படுபவராகவோ இருக்கலாம். எதை எழுதினாலும், எழுதிய தாளை ஒருமுறை அவர் கையில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவர் அதற்கு என்ன பதில் சொல்லுவார் என்று உங்களுக்கு உடனே தோன்றுகிறதா? தோன்றினால் துணிந்து பேசுங்கள். தோன்றவில்லையெனில், தாளை மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் பாட்டியாரிடம் போய்க் கேளுங்கள்.